முதல் சந்திப்பில் எதையும் வாங்காதீர்கள்

பணத்தைப் பற்றி யோசனை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வங்கியில் டெபாசிட் புதுப்பிக்கப் போனால், "சார், இதைவிட நல்ல ஸ்கீம் ஒண்ணு இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைப்பார் ஓர் இளைஞர். மச்சினன் வழியில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருப்பார். அலுவலகத்தில் மியூச்சுவல் ஃபண்ட் படிவத்தோடு வருகிற ஒருவர் இருப்பார். இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால், விற்றால்தான் இவர்களுக்கு வருமானம். அதனால் இவர்களோடு பேசும் எந்தப் பேச்சும் கடைசியில் ஏதோ ஒன்றை வாங்குவதில்தான் போய் முடியும்.

விற்காமல், யோசனைக்கு மட்டும் கட்டணம் வாங்குகிற இன்னொரு வகையினரும் உண்டு. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2013இல் கொண்டுவந்த விதிகளின் கீழ் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் இவர்கள். இத்தனை பெரிய நாட்டில் இவர்கள் எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் பலரும் இப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை. முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்குத் தயக்கம் வருவது இயல்பு. என்ன கொண்டுபோவது, என்ன கேட்பது, நம்மிடம் இருக்கிற சொற்பப் பணத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று ஆயிரம் யோசனை.

அந்த முதல் சந்திப்பை ஒரு குடும்பத்தை வைத்தே பார்த்துவிடலாம். குடும்பம் கற்பனை, கணக்கு நிஜம். கோவையில் ஒரு தம்பதி. கணவருக்கு 44 வயது, பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், கைக்கு வருவது மாதம் 62,000 ரூபாய். மனைவிக்கு 41, தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 28,000. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. வீட்டுக்கடன் பாக்கி 19 லட்சம். ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசி, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப்., ஒரு சீட்டு. ஏறக்குறைய நம்மில் பாதிப் பேர் வீட்டு நிலவரம் இதுதான்.

கிளம்புவதற்கு முன்னால்

போன் செய்து நேரம் கேட்கும்போதே ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: பதிவு எண். செபியில் பதிவு பெற்ற ஆலோசகரின் எண் INA என்று தொடங்கும். பின்னால் ஒன்பது இலக்கங்கள் வரும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் என்றால் அவருடைய எண் ARN என்று தொடங்கும். இரண்டும் சட்டப்படியான தொழில்களே, ஆனால் வேறு வேறு தொழில்கள். ARN எண் வைத்திருப்பவர் ஃபண்ட் நிறுவனத்திடம் கமிஷன் வாங்குகிறவர். ஆலோசகராகப் பதிவு பெறாமல் அவர் தன் பெயரோடு 'நிதி ஆலோசகர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பது விதி. போட்டுக்கொள்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

INA எண்ணைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. செபியின் இணையதளத்தில் பதிவு பெற்ற இடைத்தரகர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் முதலீட்டு ஆலோசகர்கள் பக்கத்துக்குப் போய், எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். அங்கே வருகிற பெயர், முகவரி, தொலைபேசி மூன்றும் உங்களிடம் பேசுகிறவருடையதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோசடிக்காரர்கள் பொய் எண்ணைச் சொல்வது குறைவு. வேறு ஒருவரின் உண்மையான எண்ணையே எடுத்துச் சொல்வார்கள். எண் சரியாக இருந்து தொலைபேசி மட்டும் மாறியிருந்தால், பட்டியலில் உள்ள தொலைபேசிக்கு அடித்து "நீங்கள்தானா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இருவரும் சேர்ந்து போங்கள். "அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று மனைவி வீட்டில் இருந்துவிடுவதும், "அவளுக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று கணவர் தனியே போவதும் வழக்கமாக நடப்பது. பின்னாளில் கணவர் இல்லாத நிலையில் அந்த ஆலோசகரின் முகம்கூடத் தெரியாமல் மனைவி ஃபைலைத் தேடுவதும் வழக்கமாக நடப்பதுதான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

காகிதம் இல்லாமல் போனால் பேச்சு முழுவதும் "ஏதோ ஒரு பாலிசி இருக்கு, வருஷம் அம்பதாயிரம் மாதிரி கட்றோம்" என்ற அளவிலேயே நின்றுவிடும். அதற்கு ஆலோசகர் சொல்லக்கூடிய பதிலும் அந்த அளவில்தான் இருக்கும். எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு போனால் போதும், மூலப்பத்திரம் எதுவும் தேவையில்லை.

வருமானத்துக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டும் போன வருடத்து ஃபாரம் 16ம். பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். செலவுக்கு, சம்பளம் வரும் வங்கிக் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மென்ட். ஆறு மாதம் போதும் என்பார்கள் சிலர். பள்ளிக் கட்டணம், பாலிசி பிரீமியம், தீபாவளி, ஊர்த் திருவிழா எல்லாம் ஆறு மாதத்துக்குள் அடங்குவதில்லை. டெபாசிட், தபால் நிலையச் சேமிப்பு, சீட்டு, நகைக்கடன், கைமாற்று ஆகியவற்றை ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு போனாலே போதும். ஆனால், ஒன்றையும் விடக் கூடாது. கைமாற்றை மறைப்பதுதான் வழக்கம், அதுவும் பெரும்பாலும் கூட வந்திருக்கும் மனைவியிடமோ கணவரிடமோ மறைப்பதற்காக. அதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடித்துவிடுவது நல்லது.

மூன்று காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சந்திப்பின் சாரமே அவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது வீட்டுக்கடன் ஸ்டேட்மென்ட். பாக்கி அசல், இப்போதைய வட்டி, மீதி மாதங்கள் மூன்றும் அதில் இருக்க வேண்டும். நம் தம்பதியின் கடன் 19 லட்சம், வட்டி எட்டே முக்கால் சதவீதம், இன்னும் 13 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 20,400 ரூபாய். புதிதாகக் கடன் வாங்க வருகிறவருக்கு அதே வங்கி குறைந்த வட்டிக்குக் கொடுத்துக்கொண்டு, பழைய வாடிக்கையாளரைப் பழைய வட்டியிலேயே விட்டுவைத்திருப்பது சகஜம். ஒரு கடிதம் எழுதி, சிறு கட்டணம் கட்டி, வட்டியை மாற்றித் தரச் சொல்லலாம். ஒரு சதவீதம் குறைந்தால் மாதம் ஏறத்தாழ 1,070 ரூபாய் மிச்சம். மீதி 13 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வருகிறது. இந்த யோசனையைச் சொல்வதால் யாருக்கும் ஒரு பைசா கமிஷன் கிடையாது. விற்பனைக்காரர்கள் இதைச் சொல்லாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

இரண்டாவது, மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவாளர் நிறுவனங்களின் தளங்களில் பான் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்தால் இலவசமாக அனுப்பிவைப்பார்கள். சுருக்கமான அறிக்கை வேண்டாம், விவரமான அறிக்கையைக் கேளுங்கள். ஒவ்வொரு திட்டத்தின் பெயரிலும் ரெகுலர், டைரக்ட் என்ற இரண்டு சொற்களில் ஒன்று ஒளிந்திருக்கும். ரெகுலர் என்றால், பணம் அதில் இருக்கும் காலம் வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு கமிஷனாக விநியோகஸ்தருக்குப் போகிறது. டைரக்ட் என்றால் கமிஷன் இல்லை. 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டிலும் இந்த இரு வகையும் உண்டு. ஒரே ஃபண்ட், ஒரே மேலாளர், ஒரே பங்குகள். செலவில் மட்டும் வித்தியாசம்.

நம் தம்பதிக்கு மூன்று ஃபண்டுகளில் மொத்தம் ஒன்பது லட்சம், மூன்றும் ரெகுலர். வித்தியாசம் ஆண்டுக்கு 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 7,200 ரூபாய். "நாங்க யாருக்கும் ஃபீஸ் கொடுத்ததே இல்லீங்க" என்று சொல்லும் பலரும் இப்படி ஒரு தொகையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை வரும் அரையாண்டு அறிக்கையில் விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாய்க் கணக்கிலேயே அச்சாகி வருகிறது. பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

மூன்றாவது காகிதம் ஆயுள் காப்பீட்டு பாலிசி. இங்கேதான் நல்ல ஆலோசகரையும் அவசரக்காரரையும் பிரித்துப் பார்க்க முடிகிறது.

ஒரு பாலிசியின் கதை

கணவரிடம் இருப்பது இருபது ஆண்டு எண்டோமென்ட் பாலிசி. காப்பீட்டுத் தொகை பத்து லட்சம், ஆண்டு பிரீமியம் 52,000. ஒன்பது பிரீமியம் கட்டியாகிவிட்டது. அதாவது 4,68,000 ரூபாய். போனஸ் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 45 ரூபாய் வீதம் தொடர்ந்து வரும் என்று வைத்துக்கொண்டால், முதிர்வின்போது 19 லட்சம் கையில் கிடைக்கும். இருபது ஆண்டு கட்டி 19 லட்சம் வாங்கினால் வருமானம் ஆண்டுக்கு ஐந்தரை சதவீத அளவில்தான் நிற்கும். முதல் நாளிலேயே கேட்டிருந்தால், எந்த ஆலோசகரும் இதை எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த ஐந்தரையைக் காட்டி, "இது வேஸ்ட் சார், சரண்டர் பண்ணி ஃபண்டில் போடுங்க" என்று உடனே சொல்கிறவர்கள் நிறைய. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் கணக்கு முதல் நாளிலிருந்து போட்ட கணக்கு. கட்டிய ஒன்பது பிரீமியம் திரும்பி வரப்போவதில்லை. இன்று கேட்க வேண்டியது, இனிமேல் இந்தப் பாலிசி என்ன தரும் என்பது மட்டுமே.

அதற்கு ஒரு எண் வேண்டும்: இன்று சரண்டர் செய்தால் எவ்வளவு? காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். அது 3,80,000 என்று வைத்துக்கொள்வோம். கட்டியதில் 88,000 போய்விட்டது, ஒன்பது ஆண்டு வட்டியும் போய்விட்டது. இப்போது புதிதாகக் கணக்கிடுங்கள். இன்று கைக்கு வரக்கூடிய 3,80,000த்தை விட்டுவைத்து, இன்னும் பதினொரு பிரீமியம் கட்டினால், பதினொரு ஆண்டு கழித்து 19 லட்சம். இதன் வருமானம் ஆண்டுக்கு எட்டரை சதவீதத்துக்கு அருகில் வருகிறது. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கம் பாதிக்காது, பத்து லட்சம் காப்பீடும் தொடரும். ஐந்தரை தரும் என்று தூக்கிப்போட இருந்த அதே பாலிசிதான்.

ஏன் இப்படி? நஷ்டமெல்லாம் முன்பாதியிலேயே நடந்து முடிந்துவிட்டது. சரண்டர் செய்தால் அந்த நஷ்டம் நிரந்தரமாகிறது. தொடர்ந்தால் கொஞ்சம் மீள்கிறது. இதே பாலிசி மூன்றாவது ஆண்டில் இருந்தால் பதில் வேறாக இருக்கலாம். போனஸ் குறைந்தாலும் மாறும், போனஸுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டு, கட்டியவரைக்குமான தொகையை முதிர்வில் வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. ஆக, பாலிசிப் பத்திரத்தின் முதல் பக்க அட்டவணையும், சேர்ந்திருக்கும் போனஸ் விவரமும், சரண்டர் மதிப்புக் கடிதமும் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். பத்திரத்தை வாங்கிப் பார்க்காமல், இந்த எண்களைக் கேட்காமல் "சரண்டர்" என்ற சொல்லை உச்சரிக்கிற ஆலோசகரிடம் காபி குடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்பது என் கட்சி.

அதே காகிதம் வேறொன்றையும் சொல்கிறது. மாதம் 62,000 சம்பாதிக்கிற, 19 லட்சம் கடன் உள்ள ஒருவரின் உயிருக்குக் காப்பீடு பத்து லட்சம். அவர் இல்லாமல் போனால் அந்தத் தொகை கடனில் பாதியைத்தான் அடைக்கும். பாலிசியை வைத்திருப்பதா விடுவதா என்று பேசிப் பேசி, இந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் விடுகிற குடும்பங்களே அதிகம். முதிர்வுத் தொகை எதுவும் தராத, குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குக் காப்பீடு தரும் டெர்ம் பாலிசியைப் பற்றி நல்ல ஆலோசகர் அந்த முதல் மணி நேரத்திலேயே பேச்செடுப்பார். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டார், எவ்வளவு தேவை என்பதைத்தான் சொல்வார்.

நீங்கள் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?" கூச்சப்படாமல் இதே சொற்களில் கேட்கலாம். "உங்களிடமிருந்து மட்டும்" என்பது பதிவு பெற்ற ஆலோசகரிடம் எதிர்பார்க்க வேண்டிய பதில். ஒரே குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணத்தையும் விற்பனைக் கமிஷனையும் சேர்த்து வாங்க செபி விதி இடம் கொடுப்பதில்லை. "உங்களுக்கு இது இலவசம் சார்" என்று பதில் வந்தால், வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். யார், எவ்வளவு என்று கேளுங்கள். நேர்மையான விநியோகஸ்தர் அதையும் சொல்லிவிடுவார்.

அடுத்து, கட்டணம் எவ்வளவு? நிலையான கட்டணமாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. சொத்து மதிப்பில் சதவீதமாக வாங்கினால் இரண்டரை சதவீதம் உச்சவரம்பு. இது வரம்புதான், சந்தை விலை அல்ல. நம் தம்பதி போன்ற குடும்பத்துக்கு ஒருவர் 25,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி இருந்தால் அதன் மேல் 18 சதவீதம், 29,500 ஆகிவிடும். கமிஷனாகப் போய்க்கொண்டிருந்ததோ 7,200. ஃபண்டை மட்டும் பார்த்தால் கட்டணம் நஷ்டம்தான். இதை ஆலோசகர்கள் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். ஒன்பது லட்ச ரூபாய்க்கு ஃபண்ட் தேர்ந்தெடுக்க மட்டும் ஆண்டுதோறும் இந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. கடன் வட்டி, காப்பீட்டுப் பள்ளம், பாலிசி முடிவு, பிள்ளைகளின் படிப்புக்கான திட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருமுறை கொடுப்பது வேறு விஷயம். அதனால் "ஆண்டுக் கட்டணம் வேண்டாம், ஒருமுறை திட்டம் போட்டுக் கொடுத்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபண்டிலேயே 40 லட்சம் இருக்கிறவருக்குக் கணக்கு தலைகீழ்: 0.8 சதவீதக் கமிஷனே 32,000 ஆகிறது.

மூன்றாவதாக நான் கேட்கச் சொல்வது, "2020 மார்ச்சில் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு என்ன சொன்னீர்கள்?" கொரோனா பயத்தில் நிஃப்டி குறியீடு ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் ஏறத்தாழ 38 சதவீதம் விழுந்த நேரம் அது. அப்போது அனுப்பிய மின்னஞ்சலை, பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். "விழும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும், வெளியே எடுக்கச் சொன்னேன்" என்கிறவரைவிட, "யாரும் விற்க வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் டெபாசிட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன்" என்கிறவர் தேவலை. அப்போது தொழிலிலேயே இல்லாதவர் என்றால், அதையும் சொல்லட்டும்.

இதோடு, உங்களைப் போன்ற குடும்பம் ஒன்றுக்குப் போட்டுக்கொடுத்த திட்டத்தையும் பெயரை நீக்கிக் காட்டச் சொல்லலாம். நாற்பது பக்கம் வண்ணப் படமாக இருந்து, 'அடுத்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை' என்று ஒரு பக்கம்கூட இல்லையென்றால் அது உங்களுக்குப் பயன்படாது.

அவர் உங்களிடம் கேட்பவை

உண்மையில் அந்த ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் அதிகம் பேசப் போவது நீங்கள்தான். பிள்ளைகளை என்ன படிக்க வைக்க ஆசை, வயதான பெற்றோருக்கு மருத்துவச் செலவு யார் பார்க்கிறார்கள், ஊரில் நிலம் பாகம் பிரிந்துவிட்டதா, எந்த வயதில் வேலையை விட எண்ணம் என்று குடும்ப விஷயமாகவே கேட்பார். துருவுகிறாரே என்று தோன்றும். மகளின் கல்லூரிச் செலவு இன்னும் இரண்டரை ஆண்டில் தொடங்குகிறது என்று தெரிந்தால்தான், அந்தப் பணம் பங்குச் சந்தை ஃபண்டில் இருக்கக் கூடாது என்று அவர் சொல்ல முடியும். மகனுக்கு இன்னும் ஐந்தரை ஆண்டு இருப்பதால் அவனுக்கான பதில் வேறு.

பிறகு ஒரு கேள்வித்தாள் வரும். சந்தை 20 சதவீதம் விழுந்தால் விற்பீர்களா, பொறுப்பீர்களா, இன்னும் வாங்குவீர்களா என்பது போன்ற கேள்விகள். நீங்கள் எவ்வளவு இறக்கத்தைத் தாங்குவீர்கள் என்று அளப்பது விதிப்படி அவருடைய கடமை. இதைச் செய்யாமல் யோசனை சொல்லவே கூடாது. நன்றாக எழுத வேண்டும் என்று பரீட்சை மாதிரி எண்ணித் தைரியமான பதிலையே எல்லோரும் டிக் செய்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக நிரப்புங்கள். விடை வேறுபட்டால் அதுவே ஆலோசகருக்குக் கிடைக்கும் மிக உபயோகமான தகவல்.

ஏற்க விருப்பமா என்பது ஒன்று. ஏற்க வசதி உண்டா என்பது இன்னொன்று. மாதம் 90,000 வருமானத்தில் தவணை, பள்ளிக் கட்டணம், பிரீமியம், சீட்டு போக மிஞ்சுவது எட்டாயிரம் என்றால், மனத்தைரியம் எவ்வளவு இருந்தாலும் வசதி குறைவுதான். இதை முகத்துக்கு நேரே சொல்கிற ஆலோசகர் அமைந்தால் நல்லது.

அந்த முதல் நாளில் எந்த ஃபண்டின் பெயரும் வராது. வரக் கூடாது. ஏமாற்றமாக இருக்கும், "இதுக்கா லீவு போட்டு வந்தோம்" என்று தோன்றும். விதியும் அப்படித்தான் இருக்கிறது. முதலில் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்குமுன் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டணமும் காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ வழியாகத்தான், ரொக்கமாக அல்ல. முன்பணம் ஓராண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை அங்கேயே கையெழுத்திட அவசியமில்லை; வீட்டுக்குக் கொண்டுபோய், பாதியில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பகுதியை இருவரும் படித்துவிட்டு மறுவாரம் சொல்லலாம். எழுத்து வடிவில் திட்டம் வர அதன்பின் சில வாரங்கள் ஆகும்.

முதலீட்டுப் பணம் ஒருபோதும் ஆலோசகரின் கணக்குக்குப் போகாது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரே ஃபண்ட் நிறுவனத்துக்குப் போகும். கடவுச்சொல், ஓடிபி, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து இவற்றில் எதைக் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்கிறவரும், டெலிகிராம் குழுவில் சேரச் சொல்கிறவரும் அதே வகை. வருமானத்துக்கு உத்தரவாதம் தரப் பதிவு பெற்ற ஆலோசகருக்கு அனுமதி இல்லை.

தகராறு வந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். ஆனால், அது பங்கு, ஃபண்ட் சம்பந்தப்பட்ட ஆலோசனைக்குத்தான். காப்பீடு, வங்கி டெபாசிட், நிலம் பற்றி அவர் சொன்ன யோசனைக்குச் செபி பொறுப்பேற்காது. அதனால் அந்த விஷயங்களில் வாய்ப்பேச்சாகச் சொன்னதையும் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடுத்த நாளே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கு வட்டியைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கு எந்த ஆலோசகரின் அனுமதியும் வேண்டாம்.